தாமதம் எங்கே தொடங்குகிறது? ட்ரிப் பதிவுகளைப் படிக்கும் முறை

சரக்கு வண்டி ஒன்று குடோனிலிருந்து கிளம்பித் திரும்பி வருவதற்குள் அதன் நேரம் பல இடங்களில் பதிவாகிவிடுகிறது. வாசல் காவலாளி தன் நோட்டில் வெளியே போன நேரத்தை எழுதுகிறார். டிரைவர் ட்ரிப் ஷீட்டில் ஒவ்வொரு கடைக்கும் போய்ச் சேர்ந்த நேரத்தைக் குறிக்கிறார், அல்லது செல்போன் செயலியில் ஒரு பொத்தானை அழுத்துகிறார். கடைக்காரர் டெலிவரி சலானில் முத்திரை வைத்துக் கையெழுத்திடுகிறார். வண்டியில் ஜிபிஎஸ் கருவி இருந்தால் அது தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கும். இவ்வளவு பதிவுகள் இருந்தும், "சாயந்திரம் டிராஃபிக், அதனால் லேட்" என்ற ஒரே பதிலோடு பெரும்பாலான விசாரணைகள் முடிந்துவிடுகின்றன. அந்தப் பதில் சரியா என்பதை அதே பதிவுகளைக் கொண்டே சோதிக்கலாம். அதற்கு ஒரு கணினியும் எக்செல் போன்ற சாதாரண மென்பொருளும் போதும்.

இந்த முறையை விளக்க ஓர் எடுத்துக்காட்டு. சென்னை மாதவரத்தில் குடோன் வைத்து, மளிகைக் கடைகளுக்குப் பாக்கெட் உணவுப் பொருள்களை அனுப்பும் ஒரு விநியோகஸ்தர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவருடைய ரூட்டுகளில் அம்பத்தூர், தாம்பரம் ஆகிய இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு ட்ரிப்புக்குப் பத்துக் கடைகள். காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று. இனி வரும் எண்கள் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை. ஆனால் அவை காட்டும் சிக்கல்கள் சரக்கு அனுப்பும் இடங்களில் வழக்கமாகக் காணப்படுபவை.

எதைத் தாமதம் என்பது?

கணக்கைத் தொடங்கும் முன் ஒரு வரையறை வேண்டும். கடைக்காரரிடம் "பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் வந்துவிடும்" என்று சொல்லியிருந்தால், கெடு பன்னிரண்டு மணி. வண்டி 12.05-க்கு வந்தால் அது தாமதமா? பல இடங்களில் பதினைந்து நிமிடம் வரை பொறுத்துக்கொள்வதாக வைத்திருப்பார்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தை முன்கூட்டியே முடிவு செய்து எழுதி வைக்க வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு இந்த எல்லையை மாற்றினால், விரும்பிய விடையை வரவழைத்துவிட முடியும்.

அடுத்த கேள்வி, எந்த நேரத்தை வைத்துக் கணக்கிடுவது என்பது. வண்டி கடை வாசலில் நின்ற நேரமும் சரக்கு இறக்கி முடித்த நேரமும் வேறு வேறு. கடையில் ஆள் இல்லாமல் வண்டி அரைமணி நேரம் காத்திருந்தால், அந்த அரைமணியை டிரைவர் மேல் எழுதக் கூடாது. ஆகவே போய்ச் சேர்ந்த நேரத்தையே தாமதத்துக்கு அளவாக வைத்து, இறக்கும் நேரத்தைத் தனியாகக் குறிப்பது நல்லது.

ஒரு வரிக்கு ஒரு கடை என்ற கணக்கில் தாளை அமைக்க வேண்டும். ட்ரிப் எண், ரூட், கிளம்ப வேண்டிய நேரம், கிளம்பிய நேரம், கெடு, போய்ச் சேர்ந்த நேரம் ஆகியவை A முதல் F வரையுள்ள பத்திகளில் இருந்தால், அடுத்த மூன்று பத்திகளில் வர வேண்டிய சூத்திரங்கள் இவை:

```
G2: =IF(F2="","",ROUND((F2-E2)*1440,0))
H2: =IF(G2="","",IF(G2>15,1,0))
I2: =HOUR(E2)
```

எக்செல் ஒரு நாளை 1 என்ற எண்ணாகவும், மணி நிமிடங்களை அதன் பின்னமாகவும் வைத்திருக்கிறது. ஒரு நாளில் 1,440 நிமிடங்கள் என்பதால், வித்தியாசத்தை அதனால் பெருக்கினால் தாமதம் நிமிடமாகக் கிடைக்கிறது. H பத்தியில் தாமதமானதற்கு 1, நேரத்துக்கு வந்ததற்கு 0. அந்தப் பத்தியின் சராசரியே தாமத விகிதம்.

பதிவில் ஒளிந்திருக்கும் பொய்கள்

மேலுள்ள சூத்திரம் போய்ச் சேர்ந்த நேரம் காலியாக இருக்கிறதா என்று முதலில் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. எக்செல் கழித்தல் கணக்கில் காலிக் கட்டத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். பூஜ்யத்திலிருந்து கெடுவைக் கழித்தால் பெரிய எதிர்மறை எண் வரும். அது பதினைந்தைவிடச் சிறியது என்பதால் அந்த டெலிவரி "நேரத்துக்கு வந்தது" என்று கணக்கில் ஏறிவிடும். ஆனால் நேரம் எழுதப்படாமல் போவது பெரும்பாலும் அவசரமான, குழப்பமான ட்ரிப்புகளில்தான். சில வேளைகளில் சரக்கு கடைக்குப் போகாமலே திரும்பியிருக்கும். மோசமான ட்ரிப்புகள் இப்படி நல்லவற்றோடு கலந்துவிடுகின்றன. காலி வரிகளைத் தனியே எண்ணி, சலானைப் பார்த்து நிரப்ப வேண்டும். நிரப்ப முடியாதவை எத்தனை என்பதை முடிவுக்குப் பக்கத்திலேயே குறிப்பிட வேண்டும்.

தேதி இல்லாமல் மணியை மட்டும் எழுதும் பழக்கம் நள்ளிரவில் காலை வாரிவிடும். கெடு இரவு 11.50, வண்டி வந்தது 12.10. இருபது நிமிடத் தாமதம், கணக்கில் 23 மணி 40 நிமிடம் முன்னதாக வந்ததாகத் தெரியும். தேதியும் மணியும் சேர்ந்தே பதிவாக வேண்டும்.

ஜிபிஎஸ் கருவிகளில் வேறொரு சிக்கல் உண்டு. அவற்றில் பல, உலகப் பொது நேரத்தில் பதிவு செய்கின்றன. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. காலை ஒன்பது மணிக்குக் கிளம்பிய வண்டி 3.30-க்குக் கிளம்பியதாகப் பதிவில் இருக்கும். குடோனே திறக்காத நேரத்தில் வண்டிகள் ஓடுவதாகத் தெரிந்தால் இதுதான் காரணம். வாசல் நோட்டில் உள்ள சில நேரங்களோடு ஒப்பிட்டாலே பிடிபட்டுவிடும்.

மனிதர் செய்யும் பதிவிலும் அடையாளம் தெரியும். நெரிசலில் ஓடும் டிரைவர் ஒவ்வொரு கடையிலும் பொத்தானை அழுத்தாமல், கடைசியில் டீக்கடையில் நின்று பத்தையும் ஒரேயடியாக அழுத்திவிடுவார். மூன்று கிலோமீட்டர் இடைவெளியுள்ள இரண்டு கடைகளுக்கு ஒரு நிமிட வித்தியாசம் இருந்தால் அந்த நேரங்களை நம்ப முடியாது. ட்ரிப் ஷீட்டில் எல்லா நேரமும் 10.00, 10.30, 11.00 என்றே இருந்தால், அது நினைவிலிருந்து பிறகு எழுதியது. அப்படிப்பட்ட பதிவை வைத்துப் பதினைந்து நிமிடத் தாமதத்தை அளக்க முயல்வது வீண். இதற்காக டிரைவர்களைக் கண்டிப்பதால் பயன் இல்லை. ஜிபிஎஸ் கருவி கடையின் நூறு மீட்டர் வட்டத்துக்குள் நுழைந்த நேரத்தைத் தானே எடுத்துக்கொள்ளும்படி செய்தால், அழுத்த வேண்டிய பொத்தானே தேவைப்படாது.

ரூட்டையும் நேரத்தையும் சேர்த்தே பார்ப்பது

சுத்தம் செய்த பதிவை முதலில் ரூட் வாரியாகப் பிரித்தால், எடுத்துக்காட்டு விநியோகஸ்தருக்குக் கிடைப்பது இது: ஒரு மாதத்தில் ஒவ்வொரு ரூட்டிலும் 800 டெலிவரிகள். அம்பத்தூரில் தாமதமானவை 272, அதாவது 34 சதவீதம். தாம்பரத்தில் 168, அதாவது 21 சதவீதம். இந்த இரண்டு எண்களை மட்டும் பார்ப்பவர் அம்பத்தூர் டிரைவரைக் கூப்பிட்டு விசாரிக்கத் தொடங்குவார்.

அதே பதிவை நேர வாரியாகவும் பிரித்தால் படம் மாறுகிறது:

| ரூட் | காலை | மாலை |
|---|---|---|
| அம்பத்தூர் | 160-ல் 16 (10%) | 640-ல் 256 (40%) |
| தாம்பரம் | 640-ல் 96 (15%) | 160-ல் 72 (45%) |

காலையிலும் அம்பத்தூரின் விகிதம் குறைவு; மாலையிலும் குறைவு. ஆனால் மொத்தத்தில் மட்டும் அதிகம். காரணம், அம்பத்தூர் டெலிவரிகளில் ஐந்தில் நான்கு மாலையில் நடக்கின்றன. தாம்பரத்தில் ஐந்தில் நான்கு காலையில். மாலைச் சுற்றின் கெட்ட பெயரை அம்பத்தூர் ரூட் சுமந்துகொண்டிருக்கிறது.

புள்ளியியலில் இதற்கு சிம்ப்சன் முரண் என்று பெயர். பிரிட்டிஷ் புள்ளியியலாளர் எட்வர்ட் சிம்ப்சன் 1951-ல் எழுதிய கட்டுரையிலிருந்து அந்தப் பெயர் வந்தது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973-ல் நடந்த மேற்படிப்புச் சேர்க்கை இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. மொத்தக் கணக்கில் பெண்கள் ஒதுக்கப்பட்டதுபோல் தெரிந்தது. துறை வாரியாகப் பிரித்தபோது, இடம் கிடைப்பது கடினமான துறைகளுக்கே பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தது தெரிந்தது. இங்கே கடினமான துறையின் இடத்தில் மாலைச் சுற்று இருக்கிறது.

எக்செலில் இந்த அட்டவணையைப் பிவட் டேபிள் மூலம் எடுக்கலாம். வரிசையில் ரூட், பத்தியில் நேரம், மதிப்பில் H பத்தியின் Average. அதோடு Count Numbers-ஐயும் சேர்க்க வேண்டும். எத்தனை டெலிவரிகளிலிருந்து வந்தது என்று தெரியாத சதவீதம் எதையும் சொல்லாது.

நேரத்தைப் பிரிப்பதில் ஒரு பொறி உண்டு. I பத்தியில் உள்ள மணி, கெடுவிலிருந்து எடுக்கப்பட்டது. வண்டி வந்த நேரத்திலிருந்து எடுக்கக் கூடாது. காலை 11 மணிக்கு வர வேண்டிய வண்டி 1 மணிக்கு வந்தால், வந்த நேரப்படி அது மதியக் கணக்கில் சேரும். காலையில் தாமதமானவை எல்லாம் அடுத்த வேளைக்குத் தள்ளப்பட்டு, காலை சுத்தமாகவும் மதியம் மோசமாகவும் தெரியும். வந்த நேரத்தை வைத்துப் பிரிக்கும் எந்த அட்டவணையிலும் நேரம் ஆக ஆக நிலைமை மோசமாவதுபோல் தோன்றும். அதில் ஒரு பங்கு கணக்கு முறை உண்டாக்கியது.

எண்ணிக்கை போதுமா?

அட்டவணையைப் பார்த்து, தாம்பரத்தைவிட அம்பத்தூர் சிறந்த ரூட் என்று முடிவு கட்டலாமா? அதுவும் அவசரம். இருபது டெலிவரிகளில் நான்கு தாமதம் என்றால் விகிதம் 20 சதவீதம். ஆனால் அவ்வளவு சிறிய எண்ணிக்கையில், உண்மையான நிலை ஏறக்குறைய 8 சதவீதத்திலிருந்து 42 சதவீதம் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இருநூறில் நாற்பது என்றால் அந்த இடைவெளி 15-லிருந்து 26 வரை சுருங்குகிறது.

இந்த இடைவெளிகளும் ஒவ்வொரு டெலிவரியும் தனித்தனி என்று வைத்துப் போட்ட கணக்கு. டெலிவரிகள் அப்படி இல்லை. ஒரு வண்டி முதல் கடைக்கு நாற்பது நிமிடம் தாமதமாகப் போனால் மீதி ஒன்பது கடைகளுக்கும் தாமதமாகத்தான் போகும். ஒரே டயர் பஞ்சர் பதிவில் பத்துத் தாமதமாக நிற்கும். தாம்பரத்தின் மாலைக் கணக்கில் உள்ள 160 டெலிவரிகள் உண்மையில் பதினாறு ட்ரிப்புகள். அதில் ஒன்றோ இரண்டோ மழையில் மாட்டியிருந்தாலே 40-க்கும் 45-க்கும் உள்ள வித்தியாசம் வந்துவிடும். ஆகவே ரூட்டுகளுக்கு இடையேயான ஐந்து சதவீத வித்தியாசத்தை நம்ப வேண்டியதில்லை. காலைக்கு 14, மாலைக்கு 41 என்ற வித்தியாசமோ இரண்டு ரூட்டிலும் தெரிகிறது. 80 காலை ட்ரிப்புகளும் 80 மாலை ட்ரிப்புகளும் அதன் பின்னால் இருக்கின்றன. தேட வேண்டிய இடம் மாலை.

ஒரு ட்ரிப்பைப் பிரித்துப் பார்ப்பது

மாலைச் சுற்று மோசம் என்று தெரிந்ததும் டிராஃபிக் மேல் பழியைப் போட மனம் வரும். ஆனால் ஒரு டெலிவரியின் தாமதம் மூன்று இடங்களில் சேரலாம்: வண்டி கிளம்பும்போது, சாலையில் ஓடும்போது, முந்தைய கடைகளில் சரக்கு இறக்கும்போது. இவற்றைப் பிரிக்க, திட்டமிட்ட நேரத்தையும் நடந்த நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

அம்பத்தூர் மாலை ட்ரிப் ஒன்று. திட்டப்படி 3.30-க்கு வாசலைத் தாண்டி, ஐம்பது நிமிடம் ஓடி, 4.20-க்கு முதல் கடை. அங்கே பத்து நிமிடம் இறக்கி, மேலும் பத்து நிமிடம் ஓடி, 4.40-க்கு இரண்டாவது கடை. அந்தக் கடைக்குச் சொல்லியிருந்த கெடு 4.50.

நடந்தது வேறு. வாசல் நோட்டின்படி வண்டி கிளம்பியது 4.12. முதல் கடைக்கு 5.07; சாலையில் ஐம்பத்தைந்து நிமிடம். அந்தக் கடையில் சரக்கைச் சரிபார்க்க ஆள் இல்லாததால் இறக்க இருபத்திரண்டு நிமிடம் ஆனது. இரண்டாவது கடைக்கு 5.39. கெடுவைத் தாண்டி 49 நிமிடம். திட்டத்தைத் தாண்டி 59 நிமிடம். அந்த 59-ல் வாசலில் போனது 42, முதல் கடையில் போனது 12, சாலையில் போனது 5. இந்த ட்ரிப்பில் டிராஃபிக்கின் பங்குதான் மிகக் குறைவு.

ஒரு ட்ரிப்பை வைத்து முடிவு செய்ய முடியாது என்பதால், இதே கணக்கை எல்லா மாலை டெலிவரிகளுக்கும் போட வேண்டும். ஒவ்வொரு டெலிவரியும் போய்ச் சேர்ந்த நேரத்திலிருந்து அந்த ட்ரிப் தாமதமாகக் கிளம்பிய நிமிடங்களைக் கழித்துவிட்டு, கெடுவைத் தாண்டியதா என்று மறுபடியும் பார்ப்பது முறை. எடுத்துக்காட்டில், தாமதமான 328 மாலை டெலிவரிகளில் 200 நேரத்துக்குள் வந்துவிடுகின்றன. மீதி 128, அதாவது 800-ல் 16 சதவீதம். காலைச் சுற்றின் 14 சதவீதத்துக்கு அது மிக அருகில் இருக்கிறது. இது தோராயமான கணக்கு. வண்டி முன்னதாகக் கிளம்பியிருந்தால் வேறு நேரத்து டிராஃபிக்கைச் சந்தித்திருக்கும். அது நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். ஆனாலும் கேள்வி இப்போது அம்பத்தூர் சாலையிலிருந்து மாதவரம் குடோன் வாசலுக்கு வந்துவிட்டது.

வாசலில் ஏன் தாமதம்? இதற்கு வாசல் நோட்டின் மற்ற பாதி, அதாவது வண்டிகள் உள்ளே வந்த நேரம், வேண்டும். மாலையில் அரைமணிக்கு மேல் தாமதமாகக் கிளம்பிய ட்ரிப்புகள் 56. வண்டி எண்ணை வைத்துப் பொருத்திப் பார்த்தால், அவற்றில் 12-ல் மட்டுமே காலைச் சுற்று முடிந்து வண்டி திரும்பத் தாமதமாகியிருந்தது. மற்ற 44-லும் வண்டி குடோனுக்குள் வந்து நின்றுகொண்டிருந்தது, லோடு ஏறவில்லை. மாலைச் சுற்றுக்கான பில் எல்லாம் மூன்று மணிக்குத்தான் போடப்படுகிறது. மூன்று வண்டிகளுக்கும் 3.30-க்கே கிளம்ப வேண்டும் என்று எழுதியிருக்கிறது. லோடு ஏற்றும் மேடையோ ஒன்றுதான். முதல் வண்டி நேரத்துக்குப் போகும்; மூன்றாவது வண்டி எவ்வளவு முயன்றாலும் போகாது. அதற்கு டிரைவரும் பொறுப்பில்லை, லோடுமேனும் பொறுப்பில்லை.

கெடுவே தவறாக இருந்தால்

மிச்சமுள்ள தாமதத்திலும் ஒரு பகுதி திட்டத்திலேயே இருக்கக்கூடும். ஒரு ரூட்டில் முதல் கடைக்கு ஐம்பது நிமிடம் என்று திட்டத்தில் எழுதியிருக்கிறது என்றால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். வரைபடச் செயலி ஞாயிற்றுக்கிழமை காட்டிய நேரமாக இருக்கலாம். ஐந்து வருடத்துக்கு முன் யாரோ போட்ட கணக்காகவும் இருக்கலாம். சோதிக்க எளிய வழி, அந்த ரூட்டில் மிக வேகமாக ஓடிய பத்தில் ஒரு பங்கு ட்ரிப்புகளை எடுத்துப் பார்ப்பது. அவையே ஐம்பது நிமிடத்தைத் தொட முடியவில்லை என்றால், அந்தக் கெடுவை எந்த டிரைவராலும் காப்பாற்ற முடியாது. அங்கே மாற்ற வேண்டியது கடைக்காரரிடம் சொல்லும் நேரத்தை. இதைச் செய்யாமல் டிரைவரை நெருக்கினால், அவர் வேகமாக ஓட்டுவார், அல்லது போய்ச் சேரும் முன்பே பொத்தானை அழுத்துவார். முதலாவது விபத்தில் முடியும். இரண்டாவது அடுத்த மாதப் பதிவைக் கெடுக்கும்.

மாற்றிய பின் சரிபார்ப்பது

எடுத்துக்காட்டில் செய்யக்கூடிய மாற்றம் செலவில்லாதது: மாலைப் பில்லை இரண்டு மணிக்கே போட்டு, வண்டிகளை 3.00, 3.30, 4.00 என்று இடைவெளி விட்டுக் கிளம்பச் செய்வது. கடைகளின் கெடுவை அதற்கேற்ப அமைப்பது. மாற்றம் பலித்ததா என்பதை அடுத்த மாதத்தின் மொத்தத் தாமத விகிதத்தை மட்டும் பார்த்துச் சொல்லக் கூடாது. மிக மோசமான மாதத்தைத் தேர்ந்தெடுத்து அதை அடுத்த மாதத்தோடு ஒப்பிட்டால், எதையும் செய்யாவிட்டாலும் பெரும்பாலும் முன்னேற்றம் தெரியும். தற்செயலாகச் சேர்ந்த கெட்ட நாள்கள் அடுத்த மாதமும் அதே அளவில் வருவதில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரங்களை அதற்குப் பிந்தைய வாரங்களோடு ஒப்பிடுவதும் அதே தவறு.

சரியான சோதனை, மாற்றம் தொட்ட இடத்தையும் தொடாத இடத்தையும் சேர்த்துப் பார்ப்பது. காலைச் சுற்றில் எதுவும் மாறவில்லை; அதன் விகிதம் ஏறக்குறைய அப்படியே இருக்க, மாலை விகிதம் மட்டும் இறங்கியிருந்தால் மாற்றம் வேலை செய்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால், மழை நின்றதோ விடுமுறையோ காரணமாக இருக்கலாம். வாசல் நோட்டிலும் அது தெரிய வேண்டும்: கிளம்பும் தாமதம் 42 நிமிடத்திலிருந்து குறையாமல் டெலிவரித் தாமதம் மட்டும் குறைந்திருந்தால், காரணம் வேறெங்கோ இருக்கிறது.

ட்ரிப் பதிவுகளுக்கு எட்டாத விஷயங்களும் உண்டு. கடைக்காரர் ஏன் சரக்கை இறக்க நேரம் எடுத்தார், எந்தத் தெருவில் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள், எந்தக் கடை முன்னால் வண்டி நிறுத்த இடமில்லை என்பதெல்லாம் நேர எண்களில் வராது. கணக்கு செய்யக்கூடியது, எந்த ரூட்டில், எந்த வேளையில், ட்ரிப்பின் எந்தக் கட்டத்தில் நிமிடங்கள் போகின்றன என்று காட்டுவது. ஏன் போகின்றன என்பதை அந்த ரூட்டில் வண்டி ஓட்டும் டிரைவரிடமும் மேடையில் லோடு ஏற்றுபவரிடமும்தான் கேட்க வேண்டும். அட்டவணை கையில் இருந்தால், அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி எது என்பது தெளிவாக இருக்கும்.